ஒரு வரி முன்னால் இருப்பவர்

கீர்த்தனை எண்ணைச் சொல்லிவிட்டு, “ஒன்று, இரண்டு, ஐந்தாம் சரணங்களைப் பாடுவோம்” என்பார் ஆராதனை நடத்துபவர். தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் ஞாயிறுதோறும் கேட்கிற அறிவிப்புதான் இது. கையில் பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவருக்கு அதில் சிரமம் ஏதும் இல்லை. இரண்டாம் சரணம் முடிந்ததும் கண் பல்லவிக்கு ஏறும், அங்கிருந்து ஐந்தாம் சரணத்துக்கு இறங்கும். திரையைப் பார்த்துப் பாடும் சபையில் அந்த ஏற்ற இறக்கத்தை எல்லோருக்காகவும் ஒருவர் செய்தாக வேண்டும். கடைசி வரிசைக்கும் பின்னால், மிக்ஸர் மேசையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்தான் அவர்.

அவர் வேலை எளிதாகத் தோன்றும். ஒரு பட்டனை அமுக்கினால் அடுத்த ஸ்லைடு வருகிறது, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. சபை இப்போது பாடும் வரியைப் பார்க்க வேண்டும். அவரோ அதற்கு அடுத்த வரியையும், அதற்குப் பின் போகக்கூடிய எல்லா இடங்களையும் பார்க்க வேண்டும். இரண்டு தேவைகளும் ஒரே திரையில் தீராது. ஆகவே திரைகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ப்ரொஜெக்டரை லேப்டாப்பில் சொருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே காட்சியைக் காட்டும். விண்டோஸ் பட்டனையும் P எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் நான்கு வழிகள் வரும். அவற்றில் Duplicate என்பது நகல்: லேப்டாப்பில் தெரிவதெல்லாம் சுவரிலும் தெரியும். அடுத்த பாட்டுக்கான ஃபைலைத் தேடுவது, தவறாகத் தட்டிய தலைப்பு, போன வாரக் கணக்கு ஃபோல்டர் என்று சபை அத்தனையையும் வாசித்துவிடும். நமக்கு வேண்டியது Extend. இதைத் தேர்ந்தெடுத்தால் ப்ரொஜெக்டர் லேப்டாப் திரையின் நகலாக இல்லாமல், அதன் பக்கத்தில் ஒட்டிய இன்னொரு திரையாகிவிடும். இயக்குபவர் எதை அங்கே அனுப்புகிறாரோ அது மட்டும்தான் அங்கே தெரியும்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு விலை உண்டு. லேப்டாப் திரையின் ஓரத்தைத் தாண்டினால் மவுஸ் அம்பு சுவருக்குப் போய்விடும். பாட்டின் நடுவே ஒரு வெள்ளை அம்பு அலைவதைப் பார்த்தால், யாரோ தன் மவுஸைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சில நேரம் திறந்த ஜன்னலே லேப்டாப்பில் வராமல் சுவரில் போய் விரியும். அப்போது விண்டோஸ், ஷிஃப்ட் பட்டன்களோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அமுக்கினால் அந்த ஜன்னல் அடுத்த திரைக்குத் திரும்பி வரும். இரண்டாம் திரையின் பின்னணிப் படத்தை முன்கூட்டியே வெறும் கறுப்பாக்கி வைப்பதும் நல்லது. மென்பொருள் எதிர்பாராமல் மூடிக்கொண்டாலும் சபைக்குத் தெரிவது கறுப்புத் திரை மட்டுமே.

பல ஆலயங்கள் இன்றும் பவர்பாயிண்டில்தான் பாட்டு போடுகின்றன. அதில் Presenter View என்ற வசதி இருக்கிறது. சுவரில் ஸ்லைடு மட்டும் தெரிய, லேப்டாப்பில் அதனுடன் அடுத்த ஸ்லைடும் தெரியும். B எழுத்தைத் தட்டினால் சுவர் கறுப்பாகும், மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பி வரும். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போகலாம். சரணம் சரணமாக ஒரே போக்கில் பாடப்படும் பாமாலைகளுக்கு இது தாராளமாகப் போதும். முதல் பாடம் முடிந்தால் இரண்டு, இரண்டு முடிந்தால் மூன்று. திரும்பி வருகிற வேலை அவற்றில் பெரும்பாலும் இல்லை.

கீர்த்தனையின் கட்டுமானம் வேறு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று எழுதினார்கள். மூன்று சரணம் உள்ள ஒரு கீர்த்தனையில் பல்லவி ஐந்து தடவையாவது வரும். பாடுகிறவருக்கு மனம் ஒன்றிவிட்டால் ஏழு தடவையும் வரும். பவர்பாயிண்டில் இதைச் சமாளிக்கப் பல்லவி ஸ்லைடை ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் நகலெடுத்து ஒட்டுவார்கள். அச்சிட்ட வரிசையில் எல்லாச் சரணங்களையும் பாடினால் பிரச்சினை இல்லை. “ஒன்று, இரண்டு, ஐந்து” என்று அறிவிப்பு வந்தால், ஐந்தாம் சரணத்தின் ஸ்லைடு எண் என்ன என்பது இயக்குபவரின் நினைவில் இருக்க வேண்டும். நினைவு தவறினால் மூன்றாம் சரணமும் நான்காம் சரணமும் சுவரில் சரசரவென்று ஓடும். சபையில் பாதிப் பேர் நான்காம் சரணத்தைப் பாடத் தொடங்கியிருப்பார்கள்.

பாட்டுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களின் பயன் இங்கேதான் தெரிகிறது. ProPresenter, EasyWorship போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். OpenLP இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. சிறிய ஆலயங்களுக்குப் பொருத்தமானது என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

OpenLP-இன் லேப்டாப் திரையில் Preview, Live என்று இரண்டு பலகைகள் இருக்கும். சுவரில் இருப்பது Live. Preview-இல் என்ன செய்தாலும் சுவருக்குத் தெரியாது. முதல் பாட்டைச் சபை பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பாட்டை Preview-இல் திறந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா, சரணங்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்க்கலாம். அன்றைய பாடல்களை வரிசைப்படுத்தி ஆராதனைப் பட்டியலாகவும் சேமித்து வைக்கலாம்.

பாட்டைச் சேர்க்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். மேல்நாட்டுப் பாட்டின் பெயர்களே அதில் இருக்கின்றன என்றாலும் கீர்த்தனைக்கு அவை கச்சிதமாகப் பொருந்தும். பல்லவியை Chorus ஆக்கலாம், அனுபல்லவியை Pre-Chorus ஆக்கலாம், சரணங்கள் Verse. முழுப் பாட்டையும் ஒரே பெட்டியில் ஒட்டினால் இப்படி இருக்கும்:

```
---[Chorus:1]---
(பல்லவி வரிகள்)
---[Pre-Chorus:1]---
(அனுபல்லவி வரிகள்)
---[Verse:1]---
(முதல் சரணம்)
---[Verse:2]---
(இரண்டாம் சரணம்)
```

மற்றச் சரணங்களும் இதே முறையில் தொடரும். பல்லவியை ஒரே ஒரு தடவைதான் தட்டச்சு செய்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். எப்போதெல்லாம் அது திரும்பி வர வேண்டும் என்பதை Verse order என்ற தனிக் கட்டத்தில் எழுதுகிறோம். “ஒன்று, இரண்டு, ஐந்து” என்ற அறிவிப்புக்கு அந்தக் கட்டத்தில் வருவது:

```
C1 P1 C1 V1 C1 V2 C1 V5 C1
```

அவ்வளவுதான். நகல் ஸ்லைடுகள் இல்லாததால், பல்லவியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். அறிவிப்பு முன்கூட்டியே கிடைக்காத ஞாயிறுகளும் உண்டு. அப்போதும் கவலை இல்லை. Live பலகையில் எல்லாப் பகுதிகளும் அடையாளத்தோடு வரிசையாக நிற்கின்றன. V5 என்ற வரியைச் சொடுக்கினால் சுவரில் ஐந்தாம் சரணம் வரும், இடையில் உள்ள எதுவும் ஒரு கணம்கூடத் தெரியாது. பாடுகிறவர் திடீரென்று பல்லவியை இன்னொரு முறை எடுத்தாலும் C1-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். வரிசை என்பது ஒரு திட்டம் மட்டுமே. பாடுகிறவர் அதை மீறும்போது அவரோடு போகும் வசதி இயக்குபவரின் திரையில் இருக்கிறது.

எந்த மென்பொருளும் செய்து தராத ஒன்று இருக்கிறது. ஸ்லைடை எப்போது மாற்றுவது?

புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் கடைசிச் சொல் பாடி முடிந்த பிறகு மாற்றுவார்கள். அது தாமதம். கண் குரலுக்கு முன்னால் ஓடுகிறது. கடைசிச் சொல்லை வாய் பாடும்போது கண் அதை வாசித்து முடித்து, அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும். தாளம் காத்திருக்காது. அடுத்த அடியின் முதல் சொல் விழும் கணத்தில்தான் ஸ்லைடு மாறுகிறது என்றால், சபை அந்த முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லில் சேரும். பாட்டை மனப்பாடமாக அறிந்தவர்கள் தொடங்கிவிடுவார்கள், புதியவர்கள் பின்தங்குவார்கள். சபையின் குரல் ஒவ்வொரு ஸ்லைடின் தொடக்கத்திலும் தணிந்து, பிறகு எழும்புவதைக் கேட்டாலே தாமதம் எங்கே என்று தெரிந்துவிடும்.

கடைசி வரியின் கடைசி இரண்டு சொற்களுக்குள் சபை நுழையும்போது மாற்றுவதே சரி. அந்த இரண்டு சொற்களைக் கண் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. விரைவான பாட்டில் இன்னும் சற்று முன்னதாகவும், நீட்டிப் பாடும் விருத்தத்தில் சற்றுத் தாமதித்தும் மாற்ற வேண்டும். இதனால்தான் இயக்குபவர் பாட்டைத் தெரிந்தவராக, தானும் மெல்லப் பாடிக்கொண்டே இருப்பவராக இருப்பது நல்லது. பாடுகிறவர் மூச்சை எடுக்கும் இடம் அவருக்குத் தானாகவே பிடிபடும். கணினியில் கைதேர்ந்த, ஆனால் பாட்டைக் கவனிக்காத ஒருவரைவிட, குயரில் பாடிப் பழகிய ஒருவர் இந்த நாற்காலியில் நன்றாக அமர்கிறார்.

ஸ்லைடு எங்கே முடிய வேண்டும் என்பதும் இதே கேள்விதான். எழுத்து அதிகமானால் மென்பொருள் தானாகவே அடுத்த ஸ்லைடுக்கு உடைத்துவிடும். அது இடத்தைப் பார்த்து உடைக்கிறது, பாட்டைப் பார்த்து உடைப்பதில்லை. பெயரடை இந்த ஸ்லைடிலும் பெயர் அடுத்ததிலும் போய்விழும். நீண்ட கூட்டுச்சொற்கள் உள்ள தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு சொல் இடம் போதாமல் கீழே இறங்கி, ஒரு வரி முழுவதையும் தனியாகப் பிடித்துக்கொள்ளும். பாடும்போது மூச்சு எடுக்கும் இடத்தில் நாமே வரியை வெட்டி, ஒரு அடி முடியும் இடத்தில் ஸ்லைடை முடித்தால் இந்த இரண்டும் தீரும்.

ஒரு ஸ்லைடுக்கு எத்தனை வரி? இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். தூரத்தை 200-ஆல் வகுத்தால் வசதியாக வாசிக்க வேண்டிய எழுத்தின் உயரம் வரும் என்பது பலர் பின்பற்றும் ஓர் அளவு. கடைசி வரிசை 20 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கண் மருத்துவரின் பலகையில் சராசரிப் பார்வை உள்ளவர் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் எழுத்தையே படித்துவிடுவார். அது ஒவ்வோர் எழுத்தாக, நின்று நிதானித்துப் படிப்பது. பாடிக்கொண்டே படிக்க, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த பாட்டியும் படிக்க, அதைப்போல மூன்று மடங்கு வேண்டும்.

திரை 3.2 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் எழுத்து அந்த உயரத்தில் 18-இல் ஒரு பங்கு. பதினெட்டு வரி பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் கி, கீ என்று மேலே வளைவதும், மு, ரூ என்று கீழே இறங்குவதும், மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பதுமாக எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரிக்கு வரி 25 சென்டிமீட்டராவது விட்டால்தான் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்காது. அப்படிப் பார்த்தால் ஏழு வரி. மேலும் கீழும் ஓரம் விட்டால் ஐந்தாறு. எழுந்து நின்று பாடும்போது முன்வரிசையில் உள்ளவர்களின் தலைகள் திரையின் அடிப்பகுதியை மறைக்கும். மிஞ்சுவது நான்கு வரி. ஒரு வரிக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து எழுத்து வரை போகலாம். முழுச் சரணத்தையும் ஒரே ஸ்லைடில் திணிப்பதால் இயக்குபவருக்கு ஒரு சொடுக்கு மிச்சமாகும், கடைசி வரிசைக்குப் பாட்டே போய்விடும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் பழைய ஃபைல்களில் இருக்கிறது. பல ஆலயங்களின் பாட்டுத் தொகுப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் “தமிழ்” என்ற சொல் `jkpo;` என்று தெரியும். சுவரில் இப்படி வந்தால் ஃபைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துருதான் இல்லை. எழுத்துருவை நிறுவினால் அன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் பாட்டின் முதல் சொல்லைத் தமிழில் அடித்துத் தேடினால் அது கிடைக்காது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் தமிழே இல்லை. நேரம் ஒதுக்கி ஒரு மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவருவதே நிரந்தரத் தீர்வு. மாற்றிய பிறகு ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு சின்னச் சறுக்கல் உண்டு. பழைய விண்டோஸில் தானாகவே இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 வந்தபோது தனியாகச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் லதாவில் செய்த ஸ்லைடை ஆலய லேப்டாப்பில் திறந்தால் கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை வைத்து நிரப்பும். வாசிக்க முடியும். ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் கவனமாக வெட்டிய வரிகள் எல்லாம் வேறிடத்தில் உடையும். ஸ்லைடு செய்யும் கணினியிலும் காட்டும் கணினியிலும் ஒரே எழுத்துரு இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டிலும் நிறுவிவிட்டால் போதும்.

இனி கேபிள். லேப்டாப் பின்வரிசையிலும் ப்ரொஜெக்டர் நடு உத்திரத்திலும் இருக்கும் ஆலயத்தில் ஹெச்டிஎம்ஐ கேபிள் சுவரோரம் சுற்றி ஓடும்போது 20 மீட்டரை எளிதாகத் தாண்டும். சாதாரண செம்புக் கேபிள் அந்த நீளத்தில் நம்பகமானது அல்ல. படத்தில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்குவதும், திரை ஓரிரு விநாடி கறுத்து மீண்டும் வருவதும் அதன் அறிகுறிகள். ப்ரொஜெக்டரின் விளக்கு பழுதானால் படம் மங்கும், இப்படி விட்டுவிட்டு வராது. சந்தேகம் இருந்தால் ப்ரொஜெக்டர் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து ஒரு குட்டைக் கேபிளில் இணைத்துப் பார்க்கலாம். பொட்டுகள் மறைந்தால் குற்றவாளி நீளக் கேபிள்தான். ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிளோ, நெட்வொர்க் கேபிள் வழியாக அனுப்பும் எக்ஸ்டெண்டரோ அதற்கு மாற்று. ஆப்டிகல் கேபிளுக்கு ஒரே திசைதான். எந்த முனை ப்ரொஜெக்டருக்கு என்று அதில் எழுதியிருக்கும். உத்திரத்தில் ஏற்றும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும், ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும்.

அதே கேபிள் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துவிடும். ஹெச்டிஎம்ஐ படத்தோடு ஒலியையும் எடுத்துச் செல்கிறது. அதைச் சொருகியதும் கணினி, ஒலியை ப்ரொஜெக்டருக்கு அனுப்பத் தொடங்குவது வழக்கம். பாட்டுக்கான இசைத் தடத்தை லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு வயர் போட்டுக் கொடுத்திருப்பார்கள். சோதனையின்போது நன்றாகக் கேட்டது, ஆராதனையில் கேட்காது. மிக்ஸரில் இருப்பவர் பட்டனையெல்லாம் ஏற்றிப் பார்ப்பார். ஒலியோ உத்திரத்தில் ப்ரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரில் முனகிக்கொண்டிருக்கும், அல்லது ஸ்பீக்கரே இல்லாமல் எங்கும் கேட்காது. திரையின் கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டை லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஒவ்வொரு முறை கேபிளைக் கழற்றி மாட்டும்போதும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

மேடையில் பாடுகிறவர்கள் சுவர்த் திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அவர்களுக்காகச் சில ஆலயங்களில் கடைசிச் சுவரில் இன்னொரு டிவி மாட்டுகிறார்கள். அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. OpenLP-யில் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியை இயக்கி, லேப்டாப்பும் பாடகரின் டேப்லெட்டும் ஒரே வைஃபையில் இருந்தால், டேப்லெட்டின் பிரவுசரில் லேப்டாப்பின் முகவரியை இப்படி அடிக்கலாம்:

```
http://192.168.1.5:4316/stage
```

நடுவில் இருக்கும் எண் அந்தந்த இடத்து லேப்டாப்பின் ஐபி முகவரி, 4316 என்பது OpenLP-இன் வழக்கமான வாசல். இந்தப் பக்கத்தில் இப்போதைய வரிகளும் அடுத்து வரப்போவதும் சேர்ந்தே தெரியும். வைஃபை தடுமாறினால் டேப்லெட் நின்றுவிடும், சுவர்த் திரைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே முதல் சில வாரங்கள் பாடகரின் மேசையில் அச்சிட்ட பாட்டுத் தாளும் கூடவே இருக்கட்டும்.